கொய்யாப்பழத்துக்குக் கூடிய மகாசபை

தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் நடுவே, நெடுஞ்சாலையோரத்துக் கொய்யாக் கடைகளால் பேர்பெற்ற பீடோரில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் கரும்பலகையைத் துடைத்தே காலம் கழித்த அடியேனுக்கு, முதுமையில் ஒரு பெரும் பேறு வாய்த்தது. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு நெறிக்குழுவில் அமரும் பேறு அது. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளைச் சீர்தூக்கும் குழுவில் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது. அறிவியல் துறை சாராத ஒருவராவது வேண்டும். அந்த நிறுவனத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவராவது வேண்டும் என்று உலகத்தார் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியாமை, ஒருவரையும் தெரியாமை என்ற இவ்விரு தகுதிகளும் ஒரே உடலில் குடிகொண்ட அபூர்வப் பிறவி என்பதால், பயணப்படியோடு என்னை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சபையின் நாற்காலி ஒன்றைச் சூடாக்கிய நாள்களில் நான் கண்ட மேன்மைகளை எழுதி வைக்காமல் கண்ணை மூடினால் நன்றி கொன்றவன் ஆவேன்.

முதலில் அந்தப் பெருமக்கள் கைக்கொண்ட மூவகைப் பாகுபாட்டைச் சொல்ல வேண்டும். இளங்கலை மாணவர் ஒருவர் ஆய்வு செய்யப் புறப்பட்டால் அவருடைய பாரம் மூன்று வாசல்களில் ஒன்றுக்குப் போகும். முதல் வாசல் விலக்கு, எக்ஸெம்ப்ட் என்பார்கள்; தீங்கு நேர வழியே இல்லாத ஆய்வுக்கு உரியது. இரண்டாவது விரைவு, எக்ஸ்பிடைட்டட். அன்றாட வாழ்வில் ஒருவர் சந்திக்கும் சங்கடத்துக்கு மேல் போகாத ஆய்வை, குழு கூடும்வரை காத்திராமல், அனுபவமுள்ள ஓரிருவர் படித்துப் பார்ப்பது. மூன்றாவது முழுக்குழு, ஃபுல் போர்ட். அதற்கும் மேற்பட்ட ஆபத்து உள்ளதற்கு. அற்பர்கள் இதைப் படித்தால், 'ஆய்வுக்கு உட்படுகிறவருக்கு என்ன நேரக்கூடும்' என்ற ஒரே கேள்விதான் இந்த மூன்று வாசல்களுக்கும் சாவி என்று நினைத்துவிடுவார்கள். எங்கள் சபை அந்த அற்பத்தனத்தைக் கடந்தது. பாரத்தில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் வாசலைக் கண்டுகொள்ளும் ஞானதிருஷ்டி அதற்கு இருந்தது. 'வினாத்தாள்' என்று எழுதியிருந்தால் விலக்கு. 'உண்ணுதல்' என்று எழுதியிருந்தால் முழுக்குழு. இடையில் வந்ததெல்லாம் விரைவு.

இந்த ஞானம் ஒளிவிட்ட உச்சக்கட்டம், ஒரே மாதத்தில் பீடோரிலிருந்து வந்த இரண்டு பாரங்கள்.

ஒன்று, உணவு அறிவியல் படிக்கும் ஒரு பெண்பிள்ளையுடையது. பீடோர்க் கொய்யாவை நறுக்கி, அசாம்போய்த் தூள் தூவாமல் ஒரு துண்டு, கொஞ்சம் தூவி ஒரு துண்டு, நிறையத் தூவி ஒரு துண்டு என்று நாற்பது பேருக்குக் கொடுத்து, 'மிகவும் பிடிக்கவில்லை' முதல் 'மிகவும் பிடிக்கிறது' வரை ஒன்பது படிகளில் குறி போடச் சொல்வது. நடுநடுவே வாய் கொப்பளிக்கத் தண்ணீர். பெயர் வேண்டாம், ஐசி எண் வேண்டாம். ஆளுக்கு நான்கு நிமிட வேலை.

இன்னொன்று, சமூகவியல் படிக்கும் ஒரு மாணவச் செல்வருடையது. பீடோருக்கு வெளியே, பழைய ரப்பர்த் தோட்டம் கைமாறிச் செம்பனையான பிறகு லயத்திலிருந்து வெளியேறியவர்கள் வரிசையாகக் குடியமர்ந்த பதினெட்டு வீடுகள். அங்கே வீட்டுக்கு வீடு வினாத்தாள். வயது, பால், தொழில், எத்தனை பிள்ளைகள். வீட்டில் யார் சம்சு குடிக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை போத்தல். ஆ லோங்கிடம் கடன் உண்டா. குடித்துவிட்டு வந்தவர் உங்களை அடித்ததுண்டா. பதினாறு வயது முதல் எல்லாரும் பதில் சொல்லலாம்.

இரண்டாவது பாரம் மதிய உணவுக்கு முன்னால் விலக்குப் பெற்றது. முதலாவது முழுக்குழுவுக்குப் போனது.

என் சிற்றறிவு இதை உடனே உணரவில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மாணவரின் மேற்பார்வையாளர், பட்டங்கள் பெயரைவிட நீண்ட பெருந்தகை. அவரிடமே தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என் தோளில் கைவைத்து, "ஐயா, இது வெறும் கொஸ்டினேர்தானே? பேரே எழுதறது இல்ல. அனோனிமஸ்!" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் உச்சரித்த அழகில் என் ஐயமெல்லாம் கரைந்து போயிற்று.

அமெரிக்கர்கள் பாவம், இந்த எளிமை கைவராதவர்கள். அவர்களுடைய கூட்டாட்சி விதி, 45 சிஎஃப்ஆர் 46 என்று பெயர், வினாத்தாளுக்கும் நேர்காணலுக்கும் விலக்கு உண்டு என்று தாராளமாகத்தான் தொடங்குகிறது. பிறகு கஞ்சத்தனம் தலைகாட்டுகிறது. பதிலைப் பார்த்து ஆளை எளிதில் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி பதிவு செய்ய வேண்டும். அல்லது பதில் வெளியே தெரிந்தாலும் அவருக்கு வழக்கோ, வேலை இழப்போ, பண நட்டமோ, மானக்கேடோ வராததாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குழுவில் ஒருவராவது அந்தரங்கப் பாதுகாப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. பெயர் எழுதவில்லை என்றால் போதும் என்று அந்த விதி எங்கேயும் சொல்லவில்லை. 'நேராகவோ, மற்றக் குறிப்புகளின் வழியாகவோ' அடையாளம் தெரியக் கூடாதாம். பதினெட்டு வீடுகளில் லாரி ஓட்டுநர் ஒருவர்தான் இருக்கிறார்; கையுறை ஆலைக்குப் போகும் நான்கு பிள்ளைகளின் தாய் ஒருத்திதான் இருக்கிறாள்; 'பெண், 38, கையுறை ஆலை, 4 பிள்ளைகள்' என்று எழுதினால் பெயர் எழுதியதைவிடத் தெளிவாக அவள் முகம் தெரியும் என்றெல்லாம் கணக்குப் பார்ப்பது அந்த மாதிரி நாட்டாருக்கு உரிய சிறுமை. எங்கள் சபை பரந்த மனம் படைத்தது. அதற்குப் பதினெட்டு வீடும் பதினெட்டு லட்சம் வீடும் ஒன்றே.

அதே விதியில் பிள்ளைகளுக்கு இன்னும் மோசமான ஓரவஞ்சனை. வினாத்தாளுக்கும் நேர்காணலுக்கும் பெரியவர்களுக்குத் தருகிற விலக்கைச் சிறுவர்களுக்குத் தருவதில்லை. நம் மலேசியாவிலோ 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டில்தான் ஒருவர் வயதுக்கு வருகிறார். அப்படியானால் பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். இங்கேதான் மேற்பார்வையாளரின் நுண்மாண் நுழைபுலம் வெளிப்பட்டது. 'அப்பா உன்னை அடித்தாரா' என்று மகளிடம் கேட்பதற்கு அப்பாவிடமே கையெழுத்து வாங்குவது எப்படி? வாங்கினால் பிள்ளைக்கு ஆபத்து. வாங்காவிட்டால் முறைக்கு ஆபத்து. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகவே முழுக்குழு என்று ஒன்று இருக்கிறது. வக்கீல், வைத்தியர், என் போன்ற வெளியாள் எல்லாரும் உட்கார்ந்து, கையெழுத்தைத் தள்ளுபடி செய்யலாமா, செய்தால் பிள்ளைக்குப் பக்கத்துணையாக யாரை வைப்பது, பிள்ளை அழுதால் எங்கே அனுப்புவது என்று பேசித் தீர்க்க வேண்டிய காரியம். அப்படிப் பேசிச் சபையின் பொழுதை வீணாக்க விரும்பாத அந்தக் கருணைமூர்த்தி, பாரத்தில் 'சிறுவர் உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று குறியிட்டு, பதினாறு வயதினரைப் பெரியவர்களாகவே உயர்த்திவிட்டார். ஒரு பேனா முனையில் இத்தனை இளைஞர்களுக்கு முதிர்ச்சி அளித்த இன்னொருவரை நான் கண்டதில்லை.

விலக்கு என்று தீர்ப்பளித்தவர் யார் என்பதும் போற்றத் தக்கது. அமெரிக்க அரசின் மேற்பார்வை அலுவலகம், ஆய்வாளர் தம் ஆய்வுக்குத் தாமே விலக்கு வழங்கிக்கொள்ளாமல் வேறொருவர் பார்த்துச் சொல்வதே நல்லது என்று பரிந்துரைக்கிறது. தன் வழக்கில் தானே நீதிபதி ஆகக் கூடாதாம். எங்கள் பெருந்தகைக்கு அந்த அவநம்பிக்கை கிடையாது. தாமே எழுதி, தாமே பரிசீலித்து, தாமே விலக்களித்து, சபைக்குத் தகவலுக்காக மட்டும் அனுப்பி வைத்தார். சபையும் தகவலைத் தகவலாகவே ஏற்றுக்கொண்டது.

அவருடைய பெருமைக்கு இன்னொரு சான்று உண்டு. பாரம் சபைக்கு வந்த தேதிக்கு ஒரு மாதம் முன்னால், தீபாவளி விடுமுறையிலேயே, மாணவர் பதினெட்டு வீடுகளுக்கும் போய் வந்துவிட்டார். நடந்து முடிந்த ஆய்வுக்குப் பின்தேதியிட்ட அனுமதி என்று ஒன்றை எந்த நெறிக்குழுவும் தர முடியாது என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் தெரியும். கேட்டு முடித்த கேள்வியை யாரும் திரும்பப் பெற முடியாதே. அதனால்தான் அவர் அனுமதி கேட்கவில்லை. விலக்கு என்று அறிவித்தார். பதினான்கு வாரப் பருவத்தில் ஆய்வை முடித்தாக வேண்டிய மாணவருக்குக் காலத்தையே வென்று கொடுத்த ஆசானை வேறெங்கே தேடுவேன்?

மாணவச் செல்வரும் ஆசானுக்கு ஏற்ற சீடர். முன்பின் அறியாதவர்கள் கதவைத் தட்டினால் மக்கள் மறுத்துவிடுவார்கள் என்று உணர்ந்து, அதே வரிசையில் குடியிருக்கும் தம் அத்தையை அழைத்துக்கொண்டு போனார். அத்தையோ கூட்டுப் பிடிக்கிறவர். வரிசையில் பாதிப் பேர் அவரிடம் சீட்டுக் கட்டுகிறார்கள்.

"தம்பி படிப்புக்குத்தான்கா. டிக் பண்ணிக் குடுங்கலா."

"இதெல்லாம் கேக்குறாங்களே, அங்காய்ச்சி, வீட்டு விஷயம்…"

"பேரு போட மாட்டாங்க. நான் இருக்கேன்ல?"

அவர் இருந்தார். அடித்ததுண்டா என்ற கேள்விக்குக் குறி போடும்போதும் பக்கத்திலேயே இருந்து, எந்தக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டினார். ஒப்புதல் கையெழுத்தில் மேலும் ஒரு சிக்கனம். பதினெட்டு வீட்டுக்கும் பதினெட்டுத் தாள் எதற்கு என்று, கோயில் தலைவர் ஒரே தாளில் எல்லாருக்குமாகக் கையெழுத்திட்டார். உள்ளே வர வழிவிடுகிறவரின் அனுமதி வேறு, உள்ளே இருக்கிறவரின் ஒப்புதல் வேறு என்று பிரித்துப் பார்ப்பது சமூக ஒற்றுமையைக் குலைக்கும் வேலை. தோட்டத்தில் கிராணியும் கங்காணியும் எங்கள் பாட்டன்மாருக்காகப் பேசிய அந்தப் பொற்காலம் இன்னும் மறையவில்லை என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்த ஆய்வைக் கொஞ்சம் மாற்றினால் முழுக்குழுவே தேவைப்படாமல் விரைவு வாசலோடு முடித்திருக்கலாம் என்று சொல்லுகிற குதர்க்கிகளும் உண்டு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் கேட்பது. வயதை முப்பது முதல் நாற்பது என்று பட்டையாக வாங்கி, தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் விட்டுவிடுவது. அடி பற்றிய கேள்வியை எடுத்துவிடுவது. அத்தையை வீட்டிலேயே விட்டு, தாளை உறையில் போட்டு ஒட்டி ஒரு பெட்டியில் போடச் சொல்வது. ஒரே வரிசையோடு நிற்காமல் பீடோர், பீக்காம், சுங்காய் என்று பரப்பிக் கேட்பது. ஆய்வின் வடிவத்தை மாற்றினால் வாசலும் மாறும் என்பது அவர்கள் கட்சி. அடியைப் பற்றித்தான் கேட்டாக வேண்டும் என்றால் அதற்குரிய முழுக்குழுவை எதிர்கொள், அல்லது அதை அனுபவமுள்ளவர் ஒருவரிடம் விட்டுவிட்டு இளங்கலைக்குத் தகுந்த கேள்வியை எடு என்பார்கள். இத்தனை அற்ப ஆலோசனைகளால் ஒரு மாணவரின் கற்பனைக்குக் கால்கட்டுப் போடாமல் விட்டது எங்கள் சபையின் பெருந்தன்மை.

இனி கொய்யாவுக்கு வருவோம். மகாசபையின் முழுப் பேரொளியும் அங்கேதான் பாய்ந்தது.

சுவை பார்க்கும் ஆய்வு என்பது மேற்சொன்ன அமெரிக்க விதியிலேயே பெயர் சொல்லி விலக்களிக்கப்பட்ட ஒன்று. அதற்கென்றே ஆறாவது பிரிவை ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல உணவாக இருக்க வேண்டும், எதையாவது சேர்த்தால் பாதுகாப்பான அளவுக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையும், உணவின் சுவையும் தரமும் பற்றிய நுகர்வோர் ஆய்வை விலக்குப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கொய்யாவைக் கைவிட்டபோது, எங்கள் சபைதான் அதைக் கைதூக்கி விட்டது.

முதல் கூட்டத்தில் பதினோரு பேராசிரியர்கள் கூடினார்கள். கொய்யாவின் பிறப்பிடம் எது, பறித்தது யார், கத்தி எஃகா என்று விசாரித்தார்கள். கொய்யா பல்லிடுக்கில் சிக்கினால் காப்புறுதி உண்டா என்று ஒருவர் வினவினார். பீடோர்க் கொய்யாவில் விதையில்லை என்று நான் பணிவோடு தெரிவித்ததும், அப்படியானால் விதையை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றத்தால் மன உளைச்சல் வருமா என்று இன்னொருவர் எண்ணிப் பார்த்தார். அசாம்போயில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவரும் அசாம்போய் ஒவ்வாதவரும் வர வேண்டாம் என்று அழைப்பில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது என்று அந்தப் பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னாள். கேள்விகள் அனைத்திலும் உண்மையில் கேட்கத் தக்கது அது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ, குறிப்பேட்டில் அது மட்டும் பதிவாகவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் வரலாற்றறிவு மிக்க ஒரு பெருமகனார் எழுந்து, நம் நாட்டிலேயே உணவு ஆய்வால் உயிர்கள் போயிருக்கின்றன என்று கணீரென்று அறிவித்தார். உண்மைதான். 1905ஆம் ஆண்டின் கடைசியில் கோலாலம்பூர் மனநோயாளிகள் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், பெரிபெரி நோய் அரிசியால் வருகிறதா என்று சோதிக்க, நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரருக்குச் சயாமிலிருந்து வந்த பச்சரிசி, இரட்டைப்படை எண்காரருக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி தின்ற 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சொல்ல அப்போது குழுவும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை விடாத தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்த நோய் அரிது என்பதைப் பிராடன் என்ற இன்னொரு மருத்துவர் 1907இல் புத்தகமாகவே எழுதினார். எங்கள் பாட்டிமார் நெல்லைப் புழுக்கிக் கொடுத்த புண்ணியம். பெருமகனார் இவ்வளவையும் உருக்கமாக விவரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஆகையால் கொய்யா விஷயத்தில் நாம் விழிப்போடு இருக்க வேண்டும் என்று முடித்தார். அடைபட்ட இடம், மறுக்க வழியில்லாத மனிதர், தாம் தராத ஒப்புதல் என்று ஃபிளெட்சரின் விடுதியில் இருந்ததெல்லாம் அந்தப் பதினெட்டு வீடுகளில் இருக்கிறதே என்று என் மனம் ஒரு கணம் தடுமாறியது. நல்லவேளையாக அப்போது தேநீர் வந்தது.

மூன்றாவது கூட்டத்துக்கு, சபையின் கட்டளைப்படி அவள் மூன்று மொழிகளில் ஏழேழு பக்கத்துக்கு ஒப்புதல் படிவம் தயாரித்துக் கொண்டுவந்தாள். படிக்க இருபது நிமிடம், தின்ன நான்கு நிமிடம். அந்தப் படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில், விரும்பாவிட்டால் எந்த நேரத்திலும் கொய்யாவைத் தின்பதை நிறுத்திக்கொள்ளும் உரிமை உமக்கு உண்டு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்தபோது, 'அடித்ததுண்டா' என்ற கேள்விக்கு முன்னால் யாராவது இப்படி ஒரு வரி போட்டார்களா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. வயதாகிவிட்டது. அனுமதி வழங்கப்பட்டது. அதற்குள் பருவம் முடிந்துவிட்டதால் அவள் வேறு தலைப்பில், நூலகத்திலேயே உட்கார்ந்து, ஒருவரையும் கேட்காமல் ஓர் ஆய்வேட்டை எழுதிச் சமர்ப்பித்துவிட்டாள். சபையின் கைபட்ட கொய்யாவை இதுவரை ஒருவரும் தின்னவில்லை. தீங்கு நேராமைக்கு இதைவிட உத்தரவாதம் எது?

விரைவு வாசலைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லாவிட்டால் அது மனம் நோகும். அந்த வாசலில் இருக்கும் ஓரிருவர் ஏற்கலாம், திருத்தச் சொல்லலாம். நிராகரிக்க மட்டும் முடியாது, நிராகரிப்பு முழுக்குழுவின் தனியுரிமை. பெயரில் உள்ள விரைவு, கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்ற பொருளில் வந்ததே தவிர, நாள் கணக்கில் முடியும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. முன்னாள் பால்மரத் தொழிலாளிகளின் குரலைப் பதிவு செய்ய விரும்பிய மாணவி ஒருத்தியின் பாரம் அங்கே போயிற்று, பொருத்தமான வாசல்தான். படிக்க வேண்டிய இரண்டு பெரியவர்களும் அடுத்தடுத்து மாநாடுகளில் இருந்தார்கள். பாரம் பதினோரு வாரம் ஓய்வெடுத்தது. அவள் பதிவு செய்ய எண்ணியிருந்த கிழவர்களில் இருவர் அவ்வளவு விரைவைத் தாங்கமாட்டாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

மாணவச் செல்வரின் ஆய்வுக்கோ முதல் வகுப்பு மதிப்பெண். அதோடு நிற்கவில்லை. வெறும் வகுப்புப் பயிற்சிதானே, இது ஆய்வே அல்ல, குழுவுக்கு வரவே தேவையில்லை என்று தொடக்கத்தில் வாதாடிய அதே மேற்பார்வையாளர், பிறகு அதை மாநாட்டுக் கட்டுரையாக்கித் தம் பெயரை முன்னால் போட்டார். பொதுவான அறிவுக்குப் பங்களிக்கும் நோக்கோடு முறையாகச் செய்வதுதான் ஆய்வு என்ற வரையறையைக் காலையில் மறுத்து மாலையில் நிறைவேற்றும் வல்லமை எல்லாருக்கும் கைகூடாது.

தரவு தந்தவர்களுக்கு முடிவைத் திருப்பித் தர வேண்டும் என்ற உயர்ந்த நெறியையும் அவர்கள் மறக்கவில்லை. பீடோர்க் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திரை கட்டி அட்டவணைகளைக் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். சம்சு குடிப்போர், கடன்பட்டோர், அடிபட்டோர் என்று வண்ண வண்ணக் கட்டங்கள். பெயர் எங்கேயும் இல்லை. தொழில்வாரியான அட்டவணை வந்தபோது 'கணவர்: லாரி ஓட்டுநர், எண்ணிக்கை: 1' என்ற வரிக்கு எதிரே மூன்று கட்டத்திலும் குறி இருந்தது. அத்தை தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார். இரண்டாம் வரிசையில் இருந்த லாரி ஓட்டுநர் திரையை நிதானமாகப் படித்துவிட்டு, திரும்பி, பெண்கள் அமர்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

அந்த வீட்டம்மா இப்போது பிள்ளைகளோடு சுங்காயில் தங்கை வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, இதைப் பாதக நிகழ்வாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். செயலாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "விலக்குப் பெற்ற ஆய்வுக்குப் பாதக நிகழ்வுப் பாரமே இல்லை ஐயா" என்று அன்பாக விளக்கினார். பிறகு தலைவர் அடுத்த பொருளை எடுத்தார். ஒரு மாணவர் பப்பாளிக்கு விண்ணப்பித்திருந்தார்.